கொசுப் பக்கம்

பக்கம் திரும்பி வந்தது. அதில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

எங்கள் அலுவலகத்தில் அப்படி நடப்பதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு அச்சகத்தின் மாடியில் இருக்கிறோம். தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் துணைப்பாட நூல்கள் போடுகிறோம். ஒவ்வொரு பக்கமும் எல்லார் மேசைக்கும் போகும். யாராவது ஒருவர் ஒற்றெழுத்தைப் பிடிப்பார். யாராவது ஒருவர் படம் சாய்ந்திருக்கிறது என்பார். பக்கங்களைச் சரிபார்த்து முடித்துவைப்பது என் வேலை. சண்டை இல்லாமல் ஒரு பக்கம் முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தப் பக்கத்தில் மட்டும் மூலையில் எல்லாரும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் பதிப்பாசிரியர் சுலோசனா மேடம்கூட. அவர் தன் பேத்தியின் பிறந்தநாள் அட்டையிலேயே பிழை திருத்துகிறவர்.

மூன்றாம் வகுப்பு, சூழ்நிலையியல். 'கொசு எப்படி வளர்கிறது?' நடுவில் வாழ்க்கைச் சுழற்சிப் படம். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு. வலது ஓரத்தில் பெட்டிச் செய்தி: 'டெங்கு - எச்சரிக்கை'.

பெட்டியை நான் எழுதினேன்.

என் மனைவி நிஷாவுக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் விட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. சேக்காட்டில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலை உலர்த்தினாள். சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்றாள். ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து இன்னொன்று. பிறகு நான் மட்டும் திரும்பி வந்தேன். அது போன அக்டோபர்.

கொசுப் பாடம் என் மேசைக்கு வந்தபோது பெட்டியில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. தண்ணீர் தேங்கவிடாதீர்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள். போதாது என்று பட்டது. ஆபத்தின் அடையாளங்களைச் சேர்த்தேன். வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு. எந்த மாத்திரை கூடாது என்று சேர்த்தேன். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று நினைவுக்கு வந்தது.

பக்கத்தை வடிவமைப்பது அஸ்கர். பூந்தமல்லிக்காரன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். வாயை மூடிக்கொண்டு அவனுக்கு வேலை ஓடாது.

"இன்னா அண்ணாத்தே, இன்னும் ஒரு வரியா? பொட்டி பக்கத்தையே துன்னுது."

"போடு."

"எங்க போடறது? நீயே சொல்லு. எழுத்தை இன்னும் சின்னது பண்ணா எறும்புதான் படிக்கணும்."

"சிவப்புல போடு. வெள்ளை எழுத்து. கண்ணுல படும்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சிவப்புமேல் சின்ன வெள்ளை எழுத்து கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். மை பரவினால் முதலில் அடைபடுவது தமிழில் புள்ளி. மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். குழந்தை தடுக்கி விழும். எட்டு வயதுக்குப் பாடம் பதினாறு பாயிண்ட் எழுத்தில், பெட்டி பதினான்கில். அதற்குக் கீழே போகக் கூடாது. இரண்டு ஓரமும் சமன் செய்து சொற்களை இழுக்கக் கூடாது. சொல்லை நடுவில் உடைக்கக் கூடாது. எல்லாம் நான் சொன்னவை.

"சரி அண்ணாத்தே" என்றான் அஸ்கர்.

பெட்டி எழுத்து பத்துக்கு இறங்கியது. அதுவும் போதாமல் பெட்டி அகன்றது. அகன்ற பெட்டி கீழே போய் இடதுபக்கம் திரும்பி, படத்தின் அடியையும் பிடித்துக்கொண்டது. படம் சுருங்கி மேலே ஏறியது.

"கடைசில ரெண்டு வார்த்தை தொங்குது. எதாவது கத்திரி" என்றான்.

கடைசி வாக்கியம்: 'காய்ச்சல் விட்டதும் சிலருக்கு ஆபத்து வரலாம்.' நான் 'சிலருக்கு' என்பதை அடித்தேன். 'வரலாம்' என்பதையும் அடித்தேன். ஒரே வரியில் உட்கார்ந்தது.

*

அச்சுக்குப் போகுமுன் ஒரு வகுப்பில் பக்கத்தைக் கொடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். எப்போதும் சேக்காட்டில் ஒரு உதவிபெறும் பள்ளி. கெங்கம்மாள் டீச்சரின் மூன்றாம் வகுப்பு. அவர் எங்களுக்குப் பழக்கம். பக்கம் பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்வார்.

நான் போனபோது வாசலில் நின்றுகொண்டு ஒரு பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க செல்வா சார். இளைச்சுட்டீங்களே. சாப்புடறீங்களா?"

"சாப்புடறேன் டீச்சர்."

"பொய்" என்றார். பக்கத்தை வாங்கிப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருந்தது.

முறை எளியது. இருவருக்கு ஒரு பக்கம். டீச்சர் எதுவும் விளக்கக் கூடாது. முதலில் பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்று நான் பார்ப்பேன். பிறகு ஒரு பெயர் சொல்வேன். அவர்கள் அதன் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய்ப் படத்தில் விரலை வைக்க வேண்டும். பெயர் எழுதிய இடத்தில் அல்ல. கோடு முடிகிற இடத்தில்.

எல்லாரும் முதலில் பெட்டியைத்தான் பார்த்தார்கள். சிவப்பு. நான் விரும்பியது அதுதான். ஆனால் யாரும் படிக்கவில்லை. ஒரு வரி பார்த்துவிட்டு, கண் நழுவிப் படத்துக்குப் போனது.

"கூட்டுப்புழு எங்கே?"

விரல்கள் போயின. பாதிப் பேர் சரி. மீதிப் பேர் கொசுவின்மேல் வைத்தார்கள். பெயருக்கான கோட்டுக்கும் சுழற்சிக்கான அம்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. படம் சுருங்கியதில் இரண்டும் ஒரே தடிமன் ஆகியிருந்தன. ஒரு கோடு அம்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது.

முன் வரிசையில் விஷால் என்ற பையன் கையைத் தூக்கினான். "சார், கூட்டுப்புழுன்னு போட்டுக்கீது. கூடு எங்க சார்?"

"இதுக்குக் கூடு கிடையாது."

"அப்ப பொய்தானே சார்? கமா மாதிரி கீது. கமாப்புழுன்னு வையுங்க."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். நான் குறித்துக்கொண்டேன். கமா போல வளைந்திருக்கும் என்று பாடத்தில் ஒரு வாக்கியம் சேர்க்கலாம்.

"சரி. புழுவோட தலை எங்கே?"

எல்லா விரலும் ஒரே இடத்துக்குப் போயின. புழுவின் மேல்நுனி. தண்ணீர் மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்த நுனி.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். பிள்ளைகள் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். 'தலை' என்று எழுதியிருந்தது. கோடு அங்கேதான் முடிந்தது.

"சார்" என்றார் டீச்சர் மெதுவாக. "அது வால் பக்கமாச்சே. மூச்சுக்குழல். புழு தலைகீழால்ல தொங்கும்?"

தலைகீழாகத்தான் தொங்கும். முதல் வரைவில் சரியாக இருந்தது. மேலே 'மூச்சுக்குழல்', கீழே 'தலை'. பெட்டி அடியில் நுழைந்தபோது கீழே பெயர் எழுத இடம் இல்லாமல் போயிருக்கிறது. அஸ்கர் ஒரு பெயரை எடுத்துவிட்டு மற்றதை மேலே ஏற்றியிருக்கிறான். மேலே இருப்பது தலை. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதன்பிறகு எத்தனையோ முறை அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். படத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

"மாத்திடறேன் டீச்சர்" என்றேன்.

"யாராச்சும் பொட்டியைப் படிங்க பார்ப்போம்" என்றார் அவர், பேச்சை மாற்ற.

ஃபிசா என்ற பெண் எழுந்தாள். வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள் என்று டீச்சர் சொன்னார். இரண்டு பின்னல், அதில் ஒன்று அவிழ்ந்திருந்தது. விரலை வரியின் அடியில் வைத்துப் படித்தாள். 'ரத்தக்கசிவு' என்பதில் நின்றாள். புள்ளி அடைத்திருந்தது. 'ரததக' என்று ஆரம்பித்து, மூக்கைப் பக்கத்தின் அருகே கொண்டுபோய், மறுபடி ஆரம்பித்தாள். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது விரல் தவறி, படித்த வரியையே படித்தாள். பிள்ளைகள் நெளியத் தொடங்கினார்கள். விஷால் மேசையில் தாளம் போட்டான்.

நடுவில் இருந்ததை எல்லாம் அவள் விட்டுவிட்டாள். கண் கடைசி வரிக்குத் தாவியது. அது மட்டும் குட்டையாக, தனியாக இருந்தது. மூன்றே சொற்கள். அதைத் தடுமாறாமல் படித்தாள்.

"காய்ச்சல் விட்டதும் ஆபத்து."

நிறுத்தினாள். மறுபடி படித்தாள், சத்தம் இல்லாமல், உதடு மட்டும். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு ஃபிசா? முடிஞ்சுதா?"

அவள் டீச்சரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"சார், எங்க தம்பிக்கு வுட்டுடுச்சு."

"என்ன?"

"ஜொரம். காலைல வுட்டுடுச்சு. அம்மா சொல்லுச்சு."

"நல்லதுதானே" என்றேன்.

"இதுல ஆபத்துன்னு போட்டுக்கீதே."

நான் பதில் யோசித்தேன். எல்லாருக்கும் இல்லை. சிலருக்குத்தான். வரலாம் என்றுதான். அந்த இரண்டு சொற்களும் அந்தப் பக்கத்தில் இல்லை.

"செத்துருவானா?" என்று கேட்டாள்.

தாளம் நின்றது. ஒன்றும் ஆகாது என்று சொல்ல வேண்டும். அதை ஒரு முறை சொல்லியிருக்கிறேன், வேறு ஒருத்தியிடம், ஆட்டோவில்.

கெங்கம்மாள் டீச்சர் கையை உதறிக்கொண்டு வந்தார். "அடியே, சும்மா இரு. உங்கம்மாவுக்கே போன் போடறேன். நீயே கேளு." முந்தானையில் செருகியிருந்த செல்போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அஷ்ரஃபுன்னிசாம்மா, நான் கெங்கம்மாள் டீச்சர். சின்னவன் எப்படிக் கீறான்?"

"அய்யய்யோ, ஏன் டீச்சர், ஃபிசா எதுனா பண்ணிட்டாளா?"

"அதெல்லாம் இல்ல. சின்னவனுக்கு ஜுரம்னு சொன்னா."

"வுட்டுடுச்சு டீச்சர். சீப்பை எடுத்து மிக்ஸில போட்டுக்கினு கீறான். எடுன்னா எடுக்க மாட்டேங்கறான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஃபிசா சிரிக்கவில்லை. நான் டீச்சர் பக்கம் குனிந்தேன். "வாந்தி இருக்கா, வயித்துவலி இருக்கா, ரத்தம் டெஸ்ட் பண்ணாங்களான்னு கேளுங்க."

டீச்சர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல டீச்சர். வெறும் சளி ஜுரந்தான். ரத்தம்கூட எடுத்துப் பார்த்தாங்க, ஒண்ணும் இல்லன்னாங்க. ஏன் டீச்சர்? எதுனா நோய் பரவுதா அங்க?" குரல் மாறியிருந்தது. இப்போது அவரும் பயந்துவிட்டார்.

"இல்லம்மா. பாடத்துல வந்துச்சு, புள்ளைக்கு ஒரு சந்தேகம். அவன்கிட்ட குடு."

டீச்சர் போனை ஃபிசாவிடம் கொடுத்தார். தம்பி போனில் ஏதோ கத்தினான். மிக்ஸியை மூடியால் அடிக்கும் சத்தம் கேட்டது. ஃபிசா, "டேய், சீப்பை எடுடா" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் பக்கத்தைத் தொடவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டாள். அந்தப் பெண்ணும் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

எல்லாப் பக்கங்களையும் வாங்கிக்கொண்டேன். வாசல்வரை டீச்சர் வந்தார்.

"நீங்க வந்தப்பவே சொல்லியிருக்கணும் சார். பெட்டியைப் பார்த்ததுமே தோணுச்சு. இது புள்ளைங்களுக்கு எழுதினது இல்லன்னு."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது?" என்றார்.

*

அலுவலகத்தில் அஸ்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தை அவன் டப்பா அருகே வைத்தேன்.

"புழுவோட தலை எங்க இருக்கு?"

"மேல கீது."

"அது வால்."

அவன் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான். "மாமே, வாலையா தலைன்னு போட்டேன்? ஏன் நீ பார்க்கல?"

"நீ ஏன் சொல்லல?"

"இன்னா சொல்றது?"

"பெட்டி பெருசுன்னு."

"சொன்னேனே. துன்னுதுன்னு சொன்னேன். எறும்புன்னு சொன்னேன். வேற எப்டி சொல்றது? எடுத்துடுன்னா?" அவன் சத்தம் உயர்ந்தது. "உன் மூஞ்சியப் பார்த்துக்கினு எடுத்துடுன்னு எப்டி சொல்வேன் அண்ணாத்தே? தெனம் ஒரு வரி கொண்டாற. ஒண்ணொண்ணும் அண்ணிக்கு நடந்தது. எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரில நானுந்தான் நின்னேன்."

அடுத்த மேசைகளில் யாரும் தலை நிமிரவில்லை. சுலோசனா மேடம் தன் அறையிலிருந்து வந்தார். கேட்டிருக்கிறார். பக்கத்தை எடுத்து மூலையில் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"நான் படிக்காமலேதான் போட்டேன்" என்றார். "படிச்சா திருத்தணும். திருத்தினா உன்னைக் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசணும். தைரியம் வரல. ஒரு பக்கம்தானே, போகட்டும்னு விட்டேன்."

"வகுப்புல ஒரு பொண்ணு பயந்துடுச்சு மேடம்."

நடந்ததைச் சொன்னேன். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"பெட்டில நீ எழுதினது ஒண்ணுகூடத் தப்பில்ல செல்வா. யாரைப் பார்த்துச் சொல்றோம்? எட்டு வயசுப் புள்ளை ஈறைத் திறந்து பார்த்து என்ன பண்ணும்? அது பண்ணக்கூடியதைச் சொல்லு. மத்ததைப் பின்னால 'பெற்றோர் பக்கம்' இருக்கே, அங்க போடு."

"அதை யாரும் படிக்க மாட்டாங்க."

"ஆமா. நிறையப் பேர் படிக்க மாட்டாங்க" என்றார். மறுக்கவில்லை.

அன்று மாலைக்குள் பக்கம் மாறியது. அஸ்கர் பெட்டியைப் படத்தின் அடியிலிருந்து வெளியே இழுத்தான். படம் மூச்சு விட்டது. புழு பெரிதானது. மேலே 'மூச்சுக்குழல்', கீழே 'தலை', இரண்டும் கிடையாக, ஒன்றையொன்று தொடாத மெல்லிய கோடுகளோடு. சுழற்சி அம்புகள் தடிமனாக, வேறு நிறத்தில். சிவப்பு போய் வெளிர்மஞ்சள் வந்தது, அதன்மேல் கறுப்பு எழுத்து. பழைய இரண்டு வாக்கியங்கள் பதினான்கில் வந்து உட்கார்ந்தன. கீழே ஒரு வாக்கியத்துக்கு இடம் மீந்தது.

"காலியா உட்டுடலாமா?" என்று அஸ்கர் கேட்டான். "காலியா கீறதும் கண்ணுக்கு நல்லதுதான்னு சொல்வியே."

"இரு."

எழுதினேன். அடித்தேன். 'விட்டதும்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. விட்டதும் என்றால் உடனே. விட்டதும் என்றால் அதனால். அந்தப் பெண் அப்படித்தான் படித்தாள், அவள் படித்ததில் பிழை இல்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: 'காய்ச்சல் விட்டாலும், மருத்துவர் சொல்லும்வரை ஓய்வு எடுங்கள், உடம்புக்கு என்ன செய்தாலும் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.'

மேடம் வாங்கினார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். "நீளம். இத்தனை காற்புள்ளி மூணாம் வகுப்புக்கு எதுக்கு? ரெண்டா உடை. 'உடம்புக்கு என்ன செய்தாலும்' புள்ளைக்குப் புரியாது. 'வலித்தால்'னு போடு." கோடு போட்டார். தாளில் சிவப்பு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து அஸ்கர் பென்சிலால் ஒரு வட்டம் போட்டான். "'காய்ச்சல்' ஒரு வரில, 'விட்டாலும்' அடுத்த வரில வுழுது. புள்ளை நின்னுடும். சேர்த்து வைக்கறேன்." பெட்டியை ஒரு நூல் அகலமாக்கினான்.

'காய்ச்சல் விட்டாலும் ஓய்வு எடுங்கள். வலித்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.'

அதுதான் அச்சுக்குப் போனது.

மற்றவற்றைப் பெற்றோர் பக்கத்துக்குக் கொண்டுபோனேன். கடைசி அட்டைக்கு முந்திய பக்கம். தடுப்பூசி அட்டவணைக்கும் பல் துலக்கும் முறைக்கும் நடுவில் இடம் இருந்தது. வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு. உடனே மருத்துவமனைக்குப் போகவும். எல்லாம் சிரமமில்லாமல் இடம் மாறின. கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

'காய்ச்சல் விட்டதும்' என்று அடித்தேன். அடுத்த சொல்லில் கை நின்றது. அன்று இடம் இல்லை என்றுதான் அதை நீக்கினேன். இன்று இடம் இருந்தது. அரைப் பக்கம் காலியாக இருந்தது.

"இன்னா அண்ணாத்தே, மாட்டிக்கிச்சா?" என்றான் அஸ்கர்.

"இல்ல."

'சிலருக்கு' என்று அடித்தேன்.